கடைசிச் சுற்றுக்கு முன் அணியிடம் என்ன சொல்வது? "பத்திரமாக ஆடு" என்று சொன்னதே வினையாகிவிட்டது

யானைமுனை

எல்லோருக்கும் வணக்கம். பள்ளி செஸ் அணிக்குக் கேப்டனாக இருக்கிறேன், பதினோராம் வகுப்பு. நான்கு போர்டு அணி, நான் இரண்டாம் போர்டு. ஆறு சுற்று முடிந்து 9 மேட்ச் பாயிண்டோடு முதல் இடத்தில் இருக்கிறோம். நாளைக் காலை கடைசிச் சுற்றில் 8 பாயிண்ட் எடுத்த அணியோடு ஆட்டம். மற்ற எல்லோரும் 7 அல்லது அதற்குக் கீழே. அதனால் 2–2 வந்தாலே கோப்பை எங்களுக்குத்தான்.

இன்றைய ஆறாவது சுற்று 1½–2½ என்று போனது. நான்காம் போர்டில் டிரா ஆகியிருக்க வேண்டிய ஆட்டம் தோற்றது. ஆட்டத்துக்கு முன் நான்தான் எல்லோரிடமும் "ரிஸ்க் வேண்டாம், பத்திரமாக ஆடுங்கள், காய்களை மாற்றி ஆட்டத்தைச் சின்னதாக்குங்கள்" என்றேன். நான்காம் போர்டில் ஆடுபவன் எட்டாம் வகுப்பு. சொன்னதை அப்படியே செய்தான். அவன் கறுப்பு, ஒரு சிப்பாய் குறைவு, ஆனால் ராஜா சரியான இடத்தில் நின்றது. அவன் நகர்த்த வேண்டிய நிலை இது:

```
3r4/8/4k3/8/4K3/3R4/4P3/8 b - - 0 1
```

கறுப்பு ராஜா e6, யானை d8. வெள்ளை ராஜா e4, யானை d3, சிப்பாய் e2. இவன் யானையை யானையால் வெட்டினான். பத்து நகர்வுக்குள் கை கொடுக்க வேண்டியதாயிற்று. வெளியே வந்து, "நீங்கள் சொன்னபடிதானே அக்கா மாற்றினேன்" என்றான். எனக்கு அதற்குப் பதில் இல்லை.

நாளை ஆட்டத்துக்கு முன் பத்து நிமிடம் பேசக் கிடைக்கும். இந்த முறை என்ன சொல்ல வேண்டும்? நெருக்கடியில் "உறுதியான நகர்வு" எது என்று ஒரு எட்டாம் வகுப்புப் பையனுக்குப் புரியும்படி எப்படிச் சொல்வது?

அதிரடி_64

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? சிப்பாய் குறைவாக இருக்கும்போது கடைசி யானையை மாற்றவே கூடாது. வெறும் ராஜா, சிப்பாய் என்று வந்துவிட்டால் தோல்விதான். இதை ஒரு விதியாகச் சொல்லிவிடு, வேலை முடிந்தது.

தாக்கி ஆடச் சொல்வதே மேல் என்பது என் கட்சி. 2–2 போதும் என்று உட்கார்ந்தால் 1–3 தான் வரும்.

குட்டிப்பலகை_அம்மா

படிக்கவே மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. என் மகளும் அணியில் ஆடுகிறாள், தோற்றால் இரண்டு நாள் சாப்பிட மாட்டாள். அந்தத் தம்பியைத் திட்டாமல், தைரியம் சொல்லி, நன்றாகத் தூங்க வையுங்கள். காலையில் பலகையைப் பற்றியே பேசாமல் இருந்தால் என்ன? பிள்ளைகளுக்கு நம்பிக்கை வருகிற மாதிரி நாலு வார்த்தை போதும் என்று தோன்றுகிறது.

யானைமுனை

அம்மா, அவனைத் திட்டவே இல்லை. தப்பு என் பேச்சில் இருந்தது என்பதுதான் என் கவலை. தைரியம் சொன்னாலும் அதே நிலை நாளை வந்தால் அவன் மறுபடி வெட்டுவான். "காய்களை மாற்றுவது பத்திரம்" என்று அவன் மனதில் நான் போட்டுவைத்ததை எடுக்க வேண்டும்.

பழையபலகை

இருபது வருடத்துக்கு மேல் பள்ளி அணிகளோடு போய்வந்திருக்கிறேன். ஒன்று கேட்கிறேன், அதைச் சொன்னால்தான் மேலே பேச முடியும். அவன் யானையை வெட்டும்போது அடுத்து என்ன வரும் என்று நினைத்தான்? ஒன்றும் பார்க்காமல் வெட்டினானா, பார்த்துத்தான் வெட்டினானா? இரண்டும் வேறு வேறு நோய், மருந்தும் வேறு.

அதிரடி_64

நானே இப்போது பலகையில் வைத்துப் பார்த்தேன். இது டிராதானே? யானை யானையை வெட்டுகிறது, வெள்ளை ராஜா d3-இல் திரும்ப வெட்டுகிறது. கறுப்பு ராஜா d5-க்கு வந்து எதிரே நின்றால் வெள்ளையால் ஒன்றும் செய்ய முடியாது. ராஜா e3 போனால் இவனும் e5. சிப்பாயைத் தள்ளினாலும் கறுப்பு ராஜா முன்னால் நிற்கும். மாற்றியது சரிதான், அப்புறம் ஏதோ சொதப்பியிருக்கிறான்.

முதலில் "மாற்றவே கூடாது" என்று எழுதியதை வாபஸ் வாங்குகிறேன்.

யானைமுனை

@பழையபலகை சார், இப்போதுதான் அவனைத் தொலைபேசியில் கேட்டேன். மேலே சொன்னதை அவன் அப்படியே பார்த்திருக்கிறான். ராஜா வெட்டும், நான் d5 வருவேன், டிரா. மூன்று நிமிடம் யோசித்துத்தான் வெட்டினானாம். ஆனால் எதிராளி ராஜாவால் வெட்டவில்லை. சிப்பாயால் வெட்டினான்.

பழையபலகை

அதேதான். அவன் கணக்குப் போடவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. போட்ட கணக்கு சரியானது, ஆனால் எதிராளிக்கு இருந்த இரண்டு பதில்களில் ஒன்றுக்கு மட்டும் போட்டான். அதிரடித் தம்பி நெருக்கடி எதுவும் இல்லாமல் வீட்டில் உட்கார்ந்து பார்த்தும் அதே ஒன்றைத்தான் பார்த்தார். குறை சொல்லவில்லை, கண் அப்படித்தான் போகும். ராஜாவும் யானையும் ஒட்டி நிற்கும்போது ராஜாதான் வெட்டும் என்று கை தானாக நினைத்துக்கொள்ளும்.

சிப்பாயால் வெட்டினால் என்ன மாறுகிறது என்று பாருங்கள்:

```
1... Rxd3  2. exd3  Kd6  3. Kd4  Kc6  4. Ke5  Kd7  5. Kd5
```

வெள்ளை ராஜா e4-ஐ விட்டு நகரவே இல்லை. e2-இல் இருந்த சிப்பாய் d3-க்கு வந்துவிட்டது. இரண்டு ராஜாக்களும் e4, e6 என்று நேருக்கு நேர் நிற்க, நகர்த்த வேண்டிய முறை கறுப்புக்கு. எங்கே நகர்ந்தாலும் ஒரு பக்கம் திறக்கும். d6 போனால் வெள்ளை d4-இல் மறுபடி எதிரே நின்று, கறுப்பு எந்தப் பக்கம் விலகினாலும் அடுத்த பக்கமாக உள்ளே புகும். f6 போனால் வெள்ளை நேரே d5. ராஜா சிப்பாயைத் தாண்டி முன்னால் போய்விட்டது, சிப்பாய் பின்னால் நிதானமாக வரும். இதைத் தடுக்க வழியே இல்லை.

ராஜாவால் வெட்டியிருந்தால் ராஜா பின்னால் d3-க்கு இழுக்கப்படும், எதிரே நிற்கும் முறை கறுப்புக்குக் கிடைக்கும், டிரா. ஒரே பலகை, ஒரே வெட்டு. எந்தக் காயால் திரும்ப வெட்டுகிறார்கள் என்பதில் அரைப் புள்ளி போய்விட்டது.

இரண்டாம்_சுற்று

இதைப் படிக்கும்போது 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப்பின் கடைசி ஆட்டம்தான் கண்முன் வருகிறது. பதினான்காவது ஆட்டம். டிங் லிரன் வெள்ளை, ஒரு சிப்பாய் குறைவு, ஆனால் யானையும் பிஷப்பும் இரண்டு பேரிடமும் இருந்தன. பிடித்துக்கொண்டே இருந்தால் டிரா. 55-ஆவது நகர்வில் யானையை f2-க்குக் கொண்டுவந்து மாற்றக் கொடுத்தார். குகேஷ் யானையை மாற்றினார், அடுத்த நகர்விலேயே தன் பிஷப்பை d5-இல் வைத்தார். டிங்கின் பிஷப் a8 மூலையில் மாட்டியிருந்தது, விலகிப் போக இடமில்லை. அதையும் மாற்றியாக வேண்டும். மிச்சம் ராஜாவும் சிப்பாயும். அங்கே முடிந்தது.

இரண்டு ஆட்டத்திலும் "மாற்றிவிட்டால் நிம்மதி" என்ற அதே இடம்தான். உலகச் சாம்பியனுக்கே வந்தது என்று அந்தத் தம்பியிடம் சொல்லுங்கள்.

யானைமுனை

கட்டாயம் சொல்கிறேன். அவன் அந்த ஆட்டத்தை நேரலையில் பார்த்தவன்தான்.

சரி, மாற்றவில்லை என்றால் என்ன ஆட வேண்டும்? நான் யானையை a8-க்குக் கொண்டுபோவேன் என்று நினைக்கிறேன். சரியா?

பழையபலகை

சரி. a8 போனால் அடுத்து a4-இல் செக் வரும். வெள்ளை அதைத் தடுக்க யானையை d4-இல் வைத்தால், நம் யானை a5-க்கு வந்து ஐந்தாம் வரிசையைப் பிடித்துக்கொள்ளும். வெள்ளை ராஜா அந்த வரிசையைத் தாண்ட முடியாது. சிப்பாயை முன்னால் தள்ளிக்கொண்டு வந்தால் பிறகு பின்பக்கமிருந்து செக் கொடுத்துக்கொண்டே இருக்கலாம். நம் ராஜா சிப்பாயின் பாதையிலேயே நிற்பதால் பயமில்லை. பிடிக்கக்கூடிய டிரா.

இங்கே ஒன்றைக் கவனி மா. a8 என்பது பார்ப்பதற்கு "பத்திரமான" நகர்வு மாதிரித் தெரியாது. யானை ராஜாவை விட்டு மூலைக்குப் போகிறது, காய்கள் பலகையில் அப்படியே இருக்கின்றன, ஆட்டம் இன்னும் ஒரு மணி நேரம் இழுக்கும். களைத்த பிள்ளைக்கு அது பிடிக்காது. ஆனால் அதற்கு வெள்ளை என்ன பதில் ஆடினாலும் நம் நிலை உடையாது. உறுதி என்று நான் சொல்வது அதைத்தான். எதிராளியின் சிறந்த பதிலைத் தாங்கினால் உறுதியான நகர்வு. நாம் எதிர்பார்த்த பதிலை மட்டும் தாங்கினால் அது நம்முடைய ஆசை.

இன்னொன்று. யானை a8-இல் தப்பாகப் போயிருந்தாலும் அடுத்த நகர்வில் வேறு நல்ல கட்டத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். காய் மாற்றத்தையும் சிப்பாய் நகர்வையும் திரும்ப எடுக்க முடியாது. கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது, தெளிவில்லாத நிலையில், திரும்ப எடுக்கக்கூடிய நகர்வுக்கு ஒரு படி முன்னுரிமை கொடுப்பது நல்ல பழக்கம்.

அதிரடி_64

exd3-ஐ நான் பார்க்கவே இல்லை, ஒப்புக்கொள்கிறேன். அப்போது என் முதல் விதிதான் சரி: சிப்பாய் குறைவு என்றால் யானையை மாற்றாதே.

பழையபலகை

அதுவும் இல்லை தம்பி. அதே நிலையில் வெள்ளைச் சிப்பாயை மட்டும் e2-இலிருந்து f2-க்குத் தள்ளி வையுங்கள்.

```
3r4/8/4k3/8/4K3/3R4/5P2/8 b - - 0 1
```

இப்போது யானையை வெட்டலாமா, கூடாதா? விடையை நான் சொல்லப்போவதில்லை. கேப்டன், இதை இன்று இரவு அந்தப் பையனுக்கு அனுப்பு. "வெட்டாதே" என்ற விதியைக் கொடுத்தால் நாளை வெட்ட வேண்டிய இடத்தில் வெட்டாமல் தோற்பான்.

இரண்டாம்_சுற்று

என் அனுபவம் ஒன்று. பள்ளியில் ஆடியபோது எனக்குக் கணக்கு பிரச்சினையாக இருந்ததில்லை, கடிகாரம்தான். 60 நிமிடமும் நகர்வுக்கு 30 வினாடியும் கொடுக்கும் ஆட்டங்களில் முதல் இருபது நகர்வுக்கே கிட்டத்தட்ட எல்லா நேரத்தையும் செலவழிப்பேன். அப்புறம் 30 வினாடியிலேயே வாழ வேண்டும், அதிலும் நகர்வை எழுத வேண்டும். எழுத ஐந்து வினாடி, பட்டனை அழுத்த இரண்டு வினாடி. அந்த நேரத்தில் எதிராளியின் இரண்டாவது பதிலைத் தேட யாருக்கு மனம் வரும்?

ஒரு கோச் எனக்கு ஒன்று சொல்லிக்கொடுத்தார்: முதலில் நகர்வைத் தாளில் எழுது, பேனாவைக் கீழே வை, ஒருமுறை பலகையைப் பார், அப்புறம் ஆடு. அது எனக்கு நிறைய உதவியது. பிள்ளைகளுக்கும் அதைச் சொல்லலாம்.

நடுவர்மேசை

அதைத் தயவுசெய்து சொல்லாதீர்கள். ஃபிடே விதிப்படி நகர்வை முன்கூட்டி எழுதக் கூடாது. மூன்று முறை அதே நிலை வந்தது, அல்லது ஐம்பது நகர்வு ஆனது என்று டிரா கோரும்போது மட்டும் எழுதிவிட்டு நடுவரைக் கூப்பிட வேண்டும். பழைய காலத்தில் எல்லோரும் செய்ததுதான், இப்போது நடுவர் எச்சரிப்பார். கடைசிச் சுற்றில் ஒரு சின்னப் பிள்ளைக்கு நடுவர் வந்து தோளுக்குப் பின்னால் பேசினால் அதுவே பாதி ஆட்டத்தைக் கெடுத்துவிடும்.

எழுதுவதற்குப் பதிலாகக் கைகளைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு பார்க்கச் சொல்லுங்கள். அதை எந்த விதியும் தடுக்கவில்லை. தொட்ட காயை ஆடியே தீர வேண்டும் என்பதால் கை மேசைக்கு மேலே இல்லாமல் இருப்பதே ஒரு பாதுகாப்பு.

கேப்டனுக்கு இன்னொரு விஷயம். ஆட்டம் தொடங்கிய பிறகு நீங்கள் என்ன பேசலாம் என்று தெரியுமா?

அதிரடி_64

கேப்டன் ஒன்றுமே பேசக் கூடாது, பேசினால் ஆட்டம் போய்விடும்.

நடுவர்மேசை

பெரும்பாலானவர்கள் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஃபிடேயின் அணிப் போட்டி விதிகளைப் பின்பற்றும் இடங்களில் கேப்டன் "டிரா கேள்", "டிராவை ஒத்துக்கொள்", "ரிசைன் பண்ணு" என்று மட்டும் சொல்லலாம். நிலையைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசக் கூடாது. எதிராளி டிரா கேட்டு, ஆடுபவர் உங்களிடம் ஒத்துக்கொள்ளலாமா என்று கேட்டால், ஆம், இல்லை, அல்லது உன் விருப்பம் என்ற மூன்றில் ஒன்று. மேட்ச் நிலவரத்தை வைத்து முடிவு சொல்லலாம், அவ்வளவுதான். "உன் யானை நன்றாக இருக்கிறதே, ஆடேன்" என்றால் தப்பு.

ஆனால் போட்டிக்குப் போட்டி தனி விதி வைத்துக்கொள்ளலாம். நீங்களே ஆடிக்கொண்டிருக்கும் கேப்டன் வேறு. காலையில் தலைமை நடுவரிடம் போய்க் கேட்டுவிடுங்கள். டிரா கேட்கும் முறையையும் பிள்ளைகளுக்கு ஒருமுறை நினைவூட்டுங்கள்: நகர்வை ஆடு, டிரா கேள், பிறகு கடிகாரத்தை அழுத்து. எதிராளி யோசிக்கும்போது கேட்டுத் தொந்தரவு செய்யக் கூடாது.

யானைமுனை

இது எனக்குத் தெரியாமல் இருந்தது, நன்றி சார். காலையில் கேட்டுவிடுகிறேன்.

இதுவரை வந்ததை வைத்து நாளை பேசப்போவதை எழுதிப் பார்த்தேன். படித்துச் சொல்லுங்கள்.

"நேற்று நான் சொன்னது தப்பு. 'பத்திரமாக ஆடு, காய்களை மாற்று' என்றேன். மாற்றுவது எப்போதும் பத்திரம் இல்லை, அதை நான் யோசிக்காமல் சொன்னேன். நான்காம் போர்டில் நடந்ததற்கு அது ஒரு காரணம்.

இன்று ஒரே ஒன்று செய்வோம். பெரிய முடிவு வரும் இடங்களில் மட்டும், அதாவது ராணியை, கடைசி யானையை மாற்றும்போதும், சிப்பாயைத் தள்ளி அமைப்பை மாற்றும்போதும், கையைத் தொடைக்குக் கீழே வையுங்கள். நகர்வை மனதிலேயே பலகையில் ஆடுங்கள். இப்போது நாற்காலியை மாற்றி உட்கார்ந்தது போல, எதிராளியாக இருந்து பாருங்கள். அவனுக்கு என்ன செக் இருக்கிறது, எதை வெட்டலாம், எதை மிரட்டலாம். வெட்டலாம் என்றால் எத்தனை காயால் வெட்டலாம். இரண்டு காயால் வெட்ட முடியும் என்றால் இரண்டையும் பாருங்கள். முதலில் தோன்றியதைப் பார்த்துவிட்டு நிறுத்தாதீர்கள், 'இன்னொன்று?' என்று கேளுங்கள். அந்த ஒரு வார்த்தைதான் நேற்று இல்லாமல் போனது.

எல்லா நகர்வுக்கும் இப்படிச் செய்ய நேரம் இருக்காது. ஒரு ஆட்டத்தில் நான்கு, ஐந்து இடங்கள்தான் வரும். அந்த நான்கு ஐந்துக்காக நேரத்தைச் சேர்த்து வையுங்கள். இருபதாவது நகர்வில் கடிகாரத்தில் இருபது நிமிடமாவது இருக்கட்டும். தெரிந்த தொடக்க நகர்வுகளில் உட்கார்ந்து நேரத்தைக் கரைக்க வேண்டாம்.

எது சரி என்று தெரியவில்லை, நேரமும் இல்லை என்றால், திரும்ப எடுக்கக்கூடிய நகர்வை ஆடுங்கள். யானையை ஒரு நல்ல வரிசைக்குக் கொண்டுபோங்கள், ராஜாவை ஒரு கட்டம் உள்ளே வையுங்கள். சிப்பாயைத் தொடாதீர்கள்.

2–2 போதும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதற்காக யாரும் டிராவுக்கு ஆட வேண்டாம். டிரா கேட்டால் என்னைப் பாருங்கள், மற்ற மூன்று போர்டையும் பார்த்துப் பதில் சொல்கிறேன்."

பழையபலகை

நன்றாக இருக்கிறது. இரண்டு திருத்தம். சிப்பாயைத் தொடாதீர்கள் என்பதை எடுத்துவிடு. நெருக்கடியில் பிள்ளைகள் அந்தக் கடைசி வாக்கியத்தைத்தான் பிடித்துக்கொள்வார்கள். நேற்று "மாற்று" என்பதைப் பிடித்துக்கொண்டது போல, நாளை சிப்பாய் தள்ள வேண்டிய இடத்தில் தள்ளாமல் மூச்சு முட்டி உட்காருவார்கள். தடை விதிகளே வேண்டாம், கேள்வி மட்டும் போதும். "இன்னொன்று?" என்பது நல்ல சொல், அதைக் கடைசியில் வை.

மற்றது, எதிராளி தப்புச் செய்யும் இடம். பத்திரமாக ஆடும் மனநிலையில் இருக்கும்போது எதிராளியின் தவறு கண்ணில் படாது. 2014-இல் சோச்சியில் நடந்த சாம்பியன்ஷிப்பின் ஆறாவது ஆட்டம். கார்ல்சன் 26-ஆவது நகர்வில் ராஜாவை d2-இல் வைத்தார், பெரிய தவறு. ஆனந்துக்குக் குதிரையால் e5 சிப்பாயை வெட்டும் வாய்ப்பு இருந்தது. அவர் தான் ஏற்கெனவே நினைத்து வைத்திருந்த a4-ஐ ஆடிவிட்டார். ஆட்டத்தையும் இழந்தார். அதனால் எதிராளி ஆடிய உடனே, "இவர் இப்போது எதை விட்டுவிட்டு வந்தார்?" என்று ஒரு நொடி பார்க்கச் சொல். நம் திட்டம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அந்த ஒரு நொடி வேண்டும்.

அதிரடி_64

2–2 போதும் என்பதையே சொல்லக் கூடாது என்கிறேன். சொன்னால் மூன்றாம் போர்டு, நான்காம் போர்டு எல்லாம் இருபதாவது நகர்விலேயே டிரா தேடும்.

நடுவர்மேசை

அட்டவணை சுவரில் ஒட்டியிருக்கும். நீங்கள் சொல்லாவிட்டாலும் பிள்ளைகள் கூட்டிப் பார்த்துவிடுவார்கள். நீங்கள் சொல்லாமல் மறைத்தால் அவர்களே தப்பாகக் கணக்குப் போட்டு வைத்திருப்பார்கள். சொல்வதே மேல்.

பழையபலகை

இதில் நான் அதிரடித் தம்பியோடு பாதி ஒத்துப்போகிறேன். அட்டவணை தெரியும் என்பது வேறு, கேப்டன் வாயால் "போதும்" என்று கேட்பது வேறு. எனக்கே இதில் இன்னும் தெளிவில்லை. சொல்லியும் பார்த்திருக்கிறேன், சொல்லாமலும் பார்த்திருக்கிறேன், இரண்டு விதமாகவும் தோற்றிருக்கிறோம்.

குட்டிப்பலகை_அம்மா

"நேற்று நான் சொன்னது தப்பு" என்று தொடங்குகிறாயே, அதைப் படித்ததும் கண் கலங்கிவிட்டது. முதலில் நான் கேள்வியைச் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. அந்தத் தம்பிக்கு வேண்டிய தைரியம் அந்த ஒரு வரியிலேயே இருக்கிறது. என் மகளிடமும் இன்று இரவு இந்தப் பலகையைக் காட்டப்போகிறேன். எனக்கு விளையாடத் தெரியாது, அவள் எனக்குச் சொல்லட்டும்.

யானைமுனை

எல்லோருக்கும் நன்றி. ஆட்டம் முடிந்தது. 2–2. கோப்பை வந்துவிட்டது.

முதல் போர்டு தோல்வி, நான் வென்றேன், மூன்றும் நான்கும் டிரா. நான்காம் போர்டைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். முப்பத்தைந்தாவது நகர்வு வாக்கில் எதிராளி ராணியை மாற்றக் கொடுத்தாள். என் ஆட்டம் முடிந்து நான் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு கையும் தொடைக்குக் கீழே. உதடு அசைந்தது. ஒருமுறை தலையைச் சாய்த்து, எதிராளி உட்கார்ந்திருக்கும் பக்கத்திலிருந்து பார்ப்பது போலப் பலகையைப் பார்த்தான். ஏழு நிமிடம். அப்புறம் ராணியை மாற்றினான். ஆமாம், மாற்றினான். இந்த முறை இரண்டு சிப்பாயாலும் திரும்ப வெட்டிப் பார்த்துவிட்டதாகவும், எப்படி வெட்டினாலும் தன் ராஜா நேரத்துக்கு வந்துவிடும் என்றும் வெளியே வந்து சொன்னான்.

மூன்றாம் போர்டில் எனக்கு மனசு ஆறவில்லை. நல்ல தாக்குதல் இருந்தது. எதிராளி டிரா கேட்டதும் எங்கள் அணிப் பெண் என்னைப் பார்த்தாள். நடுவர் காலையில் அனுமதித்திருந்தார், நான் "உன் விருப்பம்" என்றேன். அவள் உடனே கை கொடுத்துவிட்டாள். அந்த நேரத்தில் முதல் போர்டு ஏற்கெனவே தள்ளாடிக்கொண்டிருந்தது. "இல்லை" என்று சொல்லியிருக்க வேண்டுமோ என்று இன்னும் யோசிக்கிறேன்.

அதிரடி_64

வாழ்த்துகள்! ஆனால் பார்த்தாயா, "போதும்" என்ற சொல் மூன்றாம் போர்டில் வேலை செய்துவிட்டது.

நடுவர்மேசை

தாக்குதல் நல்லதா இல்லையா என்று நீங்கள் எடை போட்டு "இல்லை" என்றால் அது நிலையைப் பற்றிய கருத்தாகிவிடும் ஆபத்து இருக்கிறது. முதல் போர்டு தோற்கும் போலிருக்கிறது என்பதால் சொல்லியிருந்தால் சரி. "உன் விருப்பம்" என்று விட்டதில் தப்பே இல்லை. வாழ்த்துகள்.

e6_ராஜா

நான்தான் அந்த நான்காம் போர்டு. அக்கா இந்த லிங்க் அனுப்பினார்கள். f2 கணக்குக்கு விடை: வெட்டலாம். சிப்பாய் f2-இல் இருப்பதால் d3-இல் ராஜா மட்டும்தான் திரும்ப வெட்ட முடியும், வேறு காய் இல்லை. வெட்டியதும் நான் f5 வருவேன். ராஜா e3 வந்தால் நான் e5. ஆனால் அங்கே வெள்ளை சிப்பாயை f3-க்கு ஒரு கட்டம் தள்ளினால் முறை எனக்கு வந்துவிடுகிறது. அப்போது நான் d5 போகலாமா, f5 போகலாமா? நேற்று ராத்திரி அங்கேயே தூங்கிவிட்டேன்.

பழையபலகை

"இன்னொன்று?" என்று நீயே கேட்டுக்கொண்டாயே, சபாஷ். d5 போனால் வெள்ளை ராஜா f4-க்கு வந்து g5 பக்கமாகப் புகுந்துவிடும், அது தோல்வி. f5 போ. வெள்ளை d4 என்று சுற்றி வந்தால் நீ f4-இல் நின்று சிப்பாயைப் பிடித்துவிடலாம். வெள்ளை சிப்பாயை f4-க்குத் தள்ளினால் எங்கே பின்வாங்குவாய் என்று மட்டும் பலகையில் வைத்துப் பார்த்துவிட்டு எழுது.